துடைத்தும் போகாத ஈஸ்ட்: ஓர் அக்குள் தெர்மாமீட்டரின் கதை

1/
கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாசிங்க.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் ராட்கிளிஃப் என்று ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. மூளை, நரம்பு நோயாளிகளுக்கென்றே அங்கே தனி ஐசியூ. 2015 பிப்ரவரி முதல் 2017 ஆகஸ்ட் வரை அந்த மருத்துவமனையில் 70 நோயாளிகளின் உடம்பில் ஒரே வகை ஈஸ்ட் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் 66 பேர் அதற்கு முன்னால் அந்த ஒரே ஐசியூவில் படுத்திருந்தவர்கள்.

ஆக, கிருமி அந்த அறைக்குள்தான் எங்கேயோ இருக்கிறது. ஆனால் தரையில், கட்டிலில், சுவரில், காற்றில் தேடினால் அரிதாகத்தான் சிக்குகிறது. புது நோயாளிகளுக்கோ தொற்றிக்கொண்டே இருக்கிறது.

அப்புறம் அது எங்கேதான் ஒளிந்திருந்தது? அதற்குத்தான் இந்த இழை.

2/
அந்த ஈஸ்ட்டின் பெயர் கேண்டிடா ஆரிஸ்.

ஈஸ்ட் என்றால் புதுசா ஒண்ணும் இல்லீங்க. ரொட்டி மாவைப் பொங்க வைப்பதும் ஈஸ்ட்தான். ஒரே செல்லால் ஆன பூஞ்சை, அவ்வளவுதான். கேண்டிடா குடும்பத்து ஈஸ்ட்டுகள் பலவும் நம் வாயிலும் குடலிலும் சும்மா குடியிருப்பவை. குழந்தை நாக்கில் வெள்ளை படர்வது, சர்க்கரை நோயாளிக்குத் தொடை இடுக்கில் அரிப்பு வருவது எல்லாம் பெரும்பாலும் இதுகளோட வேலை.

ஐசியூவில் கதை வேறு. கழுத்து நரம்பில் குழாய், மூச்சுக்கு வென்டிலேட்டர், சிறுநீருக்குக் குழாய், நாள்கணக்கில் ஆன்டிபயாட்டிக். இந்த நிலைமையில் ஈஸ்ட் ரத்தத்துக்குள் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. இது டாக்டர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரிந்ததுதான்.

தெரியாதது என்னவென்றால், ஈஸ்ட் ஒரு நோயாளியிடமிருந்து பக்கத்துக் கட்டிலுக்குத் தாவும் என்பது. வழக்கமான கேண்டிடா நோயாளியின் சொந்தக் குடலில் இருந்துதான் ரத்தத்துக்கு வரும். அதனால் ஐசியூவில் ஈஸ்ட் வந்தால் அந்த நோயாளிக்கு மருந்து கொடுப்போம். பக்கத்துக் கட்டிலைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

3/
2009. ஜப்பானில் டோக்கியோவில் முதியோருக்கான ஒரு மருத்துவமனை. 70 வயது மூதாட்டி ஒருவரின் காதுக் குழாயில் இருந்து எடுத்த திரவத்தில் ஓர் ஈஸ்ட் வளர்ந்தது. மரபணுவைப் படித்துப் பார்த்தால், அதுவரை பெயரிட்ட எந்த இனத்தோடும் பொருந்தவில்லை. லத்தீனில் காதுக்கு ‘ஆரிஸ்’. அப்படியே பெயர் வைத்துவிட்டார்கள்.

காது என்ற பெயரைக் கேட்டு இது காது நோய் என்று நினைத்துவிடாதீங்க. முதலில் பார்த்த இடம் காது, அவ்வளவுதான்.

இரண்டே வருஷத்தில், 2011ல், தென் கொரியாவில் இருந்து மூன்று நோயாளிகளின் செய்தி வந்தது. மூவருக்கும் ரத்தத்தில் இதே ஈஸ்ட். அதில் ஒரு மாதிரி 1996ல் ஒரு குழந்தையின் ரத்தத்தில் இருந்து எடுத்து வைத்தது. பதினைந்து வருஷம் சரியான பெயர் இல்லாமலே கிடந்திருக்கிறது.

4/
அடுத்த அத்தியாயம் நம்ம நாட்டில்.

டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சவுத்ரியும் குழுவினரும் 2013ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2009 முதல் 2011 வரை டெல்லியின் இரண்டு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளுக்கு வந்த ஈஸ்ட் தொற்று அது. லேப் இயந்திரம் அவற்றுக்குக் கொடுத்த பெயர் ‘கேண்டிடா ஹீமுலோனி’. மரபணுவைப் படித்தபோது அத்தனையும் ஆரிஸ். அதுமட்டுமில்லை, 12 பேருடையதும் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தது.

இதன் அர்த்தம் என்னன்னு யோசிங்க. அவரவர் குடலில் இருந்து வந்திருந்தால் ஒவ்வொருவருடையதும் கொஞ்சம் வேறுபட்டிருக்க வேண்டும். எல்லாம் ஒன்று என்றால், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயிருக்கிறது என்றுதான் பொருள். ஈஸ்ட் தாவாது என்ற பழைய நம்பிக்கையில் விழுந்த பெரிய ஓட்டை இது.

பின்னால் நாடு முழுக்க 27 ஐசியூக்களில் 2011-12ல் சேர்த்த 1400 ரத்தத் தொற்று மாதிரிகளை ஆராய்ந்தார்கள். 74 மாதிரிகளில் ஆரிஸ். அது 19 ஐசியூக்களில் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் முதல் நோயாளி வருவதற்கு மூன்று வருஷம் முன்னாடியே இங்கே இது பரவிவிட்டது.

5/
இயந்திரம் ஏன் தப்பான பெயர் சொன்னது? இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும். ஒரு நோயாளியை வைத்தே சொல்றேன். உதாரணத்துக்காக நானே உருவாக்கிய நோயாளி இவர்.

ஐசியூவில் ஒருவருக்கு இரண்டு வாரமாக வென்டிலேட்டர். ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பக் காய்ச்சல். ரத்தம் எடுத்துக் கல்ச்சர் பாட்டிலில் லேப்புக்கு அனுப்புகிறோம். இரண்டு நாளில் பாட்டிலில் ஏதோ வளர்கிறது என்று கருவி ஒலி எழுப்புகிறது. ஒரு சொட்டு எடுத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மொட்டு விடும் முட்டை வடிவச் செல்கள். ஈஸ்ட் என்பது உறுதி.

எந்த ஈஸ்ட் என்று கண்ணால் சொல்ல முடியாது. தட்டில் வளர்த்தாலும் அப்படித்தான். நிறம் காட்டும் ஊடகத்தில் கேண்டிடா ஆல்பிகன்ஸ் பச்சையாக வளர்ந்து தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஆரிஸ் வெள்ளையாகவோ வெளிர் இளஞ்சிவப்பாகவோ வளரும். அப்படி வளரும் ஈஸ்ட்டுகள் இன்னும் நிறைய உண்டு.

6/
அதனால் வளர்ந்ததை எடுத்து இயந்திரத்தில் போடுவார்கள். அதற்குள் ஓர் அட்டை. அட்டையில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒரு குழியில் ஒரு சர்க்கரை, இன்னொன்றில் வேறொரு வேதிப்பொருள். இந்த ஈஸ்ட் எதையெல்லாம் சாப்பிடுகிறது, எதைத் தொடவில்லை என்று இயந்திரம் குறித்துக்கொண்டு, தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிடும். எது ரொம்ப நெருங்கி வருகிறதோ அந்தப் பெயரைச் சொல்லும்.

சிக்கல் அங்கேதான். 2009ல்தான் பெயர் வைத்த ஓர் இனம், அதற்கு முன் தயாரித்த பட்டியலில் எப்படி இருக்கும்? ஊரில் புதிதாகக் குடிவந்தவரைப் பழைய வாக்காளர் பட்டியலில் தேடுவது மாதிரி. சாயலில் ஒத்துப்போகும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத்தான் அது நீட்டும்.

விட்டெக் இயந்திரம் ஹீமுலோனி என்றது. அது ஆரிஸுக்கு நெருங்கிய சொந்தம். வேறு முறைகள் ஃபமாட்டா, லூசிடானியே, பாராப்சிலோசிஸ் என்றெல்லாம் சொன்னன. ஒரு கிட் ரோடோடோருலா என்றது. ரோடோடோருலா தட்டில் பவளம் மாதிரி சிவந்து வளர வேண்டியது. இதுவோ வெளிறிப்போய்க் கிடக்கும். கிட் சொன்ன பெயரையும் தட்டில் இருந்த நிறத்தையும் சேர்த்துப் பார்த்த லேப்காரர்களுக்கே சந்தேகம் வந்தது.

7/
பெயர் தப்பானால் என்ன ஆகும்? இரண்டு விஷயம் ஆகும்.

முதலாவது, மருந்து. நம் கையில் பூஞ்சைக்கு எதிரான முக்கிய மருந்துக் குடும்பங்கள் மூன்றுதான். ஃப்ளுகோனசோல் உள்ள அசோல்கள், ஆம்போடெரிசின், எக்கினோகேண்டின்கள். பாக்டீரியாவுக்கு இருப்பது போல நீண்ட பட்டியல் இங்கே கிடையாது. காரணம், பூஞ்சையின் செல் அமைப்பு நம் செல்லுக்கு ரொம்ப நெருக்கமானது. அதைக் கொல்லும் பல பொருள்கள் நம்மையும் பதம் பார்த்துவிடும்.

இந்தியா, பாகிஸ்தான், தென் ஆப்பிரிக்கா, வெனிசுவேலாவில் இருந்து சேர்த்த 54 மாதிரிகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தலைமையில் ஆராய்ந்து 2017ல் வெளியிட்டார்கள். 93 சதவீதம் ஃப்ளுகோனசோலுக்கு அடங்கவில்லை. சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆம்போடெரிசினுக்கும் அடங்கவில்லை. எக்கினோகேண்டினை எதிர்த்தவை 7 சதவீதம். இரண்டு மாதிரிகள் மூன்று குடும்பத்தையுமே எதிர்த்து நின்றன.

‘பாராப்சிலோசிஸ்’ என்று ரிப்போர்ட் வந்தால் பல டாக்டர்கள் ஃப்ளுகோனசோல் எழுதுவார்கள். அந்தப் பெயருக்கு அது நியாயமான மருந்து. உள்ளே இருப்பது ஆரிஸ் என்றால் அந்த நாள்கள் வீண்.

8/
இரண்டாவது விளைவு பக்கத்துக் கட்டிலுக்கு. வழக்கமான ஈஸ்ட் என்று நினைத்தால் நோயாளியைத் தனி அறைக்கு மாற்ற மாட்டோம். பக்கத்துக் கட்டில்காரருக்குப் பரிசோதனை செய்ய மாட்டோம். ஒரே ஐசியூவில் மூன்று பேருக்கு மூன்று தப்பான பெயர் வந்தால், மூன்றும் ஒரே கிருமி என்றுகூடத் தெரியாது. பரவல் கண்ணெதிரே நடக்கும், யாருக்கும் தெரியாது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். அப்படியானால் இது காலங்காலமாக நம்மோடு இருந்து, தப்பான பெயரில் ஒளிந்திருந்ததா?

அதே ஆய்வுக் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. உலகின் பல நாடுகளில் இருந்து 2004 முதல் 2015 வரை சேமித்த 15,271 கேண்டிடா மாதிரிகளின் தொகுப்பில் தேடினார்கள். தப்பான பெயரில் ஒளிந்திருந்த ஆரிஸ் நான்கே நான்கு. நான்கும் 2009க்கு அப்புறம் எடுத்தவை.

ஆக, கொரியக் குழந்தை போல அபூர்வமாக முன்பே வந்திருக்கிறது. ஆனால் மருத்துவமனைகளில் அது பெருகியது உண்மையிலேயே புதுசு.

9/
இன்னொரு விசித்திரம். தெற்காசியா, கிழக்காசியா, தென் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று நான்கு பகுதிகளின் மாதிரிகள் நான்கு தனித்தனிக் கிளைகளாக இருந்தன. ஒரு கிளைக்கும் இன்னொன்றுக்கும் மரபணுவில் ஆயிரக்கணக்கான வேறுபாடுகள். ஓர் ஊரில் தோன்றி விமானம் ஏறி உலகம் சுற்றிய கதை இது இல்லை. ஏறக்குறைய ஒரே காலத்தில் நான்கு இடங்களில் தனித்தனியாக மனிதர்களிடம் வந்திருக்கிறது. பின்னால் வேறு கிளைகளும் சேர்ந்தன.

ஏன்? பூமி சூடாவதால், வெளியில் வாழ்ந்த ஒரு பூஞ்சை நம் உடல் வெப்பத்தைத் தாங்கப் பழகியிருக்கலாம் என்பது ஒரு கருதுகோள். நிரூபணம் ஆகவில்லை. அனுராதா சவுத்ரியின் குழுவே 2021ல் அந்தமான் தீவுகளின் உப்புச் சதுப்பிலும் கடற்கரை மணலிலும் இதைக் கண்டுபிடித்தது. அங்கே கிடைத்ததில் ஒன்று மருந்துக்கு அடங்கியது, அதிக வெப்பத்தில் மெதுவாக வளர்ந்தது.

உப்பும் சூடும் இதற்குப் பழக்கம் என்பதை மட்டும் நினைவில் வெச்சுக்குங்க. லேப்பில் அது உதவும்.

10/
எப்படி உதவும்? நம் தோலில் பல வகை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இருக்கும். அக்குளில் பஞ்சுக்குச்சி வைத்துத் தேய்த்து எடுத்தால் எல்லாம் கலந்துதான் வரும். அந்தக் குச்சியை 10 சதவீதம் உப்பு போட்ட திரவத்தில், 40 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். மற்றவை பெரும்பாலும் வளராமல் நின்றுவிடும். ஆரிஸ் வளரும். 42 டிகிரியில்கூட வளரும், ஹீமுலோனியால் அது முடியாது.

ஆனால் இது சந்தேகத்தை வலுப்படுத்தும் சோதனை மட்டும்தான். உப்பையும் சூட்டையும் தாங்கும் வேறு சில ஈஸ்ட்டுகளும் உண்டு. உறுதி செய்ய மால்டி-டாஃப் என்ற கருவியோ மரபணுப் பரிசோதனையோ வேண்டும். மால்டி-டாஃப் லேசரால் கிருமியின் புரதங்களைச் சிதறடித்து, அதன் எடைக் கோலத்தைக் கைரேகை மாதிரி படிக்கும். சில நிமிஷத்தில் பதில் வரும். அதற்கும் நிபந்தனை பழையதுதான். அதன் பட்டியலில் ஆரிஸின் கைரேகை இருந்தாக வேண்டும். பட்டியலைப் புதுப்பிக்காத விலையுயர்ந்த கருவியும் இந்த விஷயத்தில் கைவிரித்துவிடும்.

இன்று பெரும்பாலான நிறுவனங்கள் பட்டியலைப் புதுப்பித்துவிட்டன. புதுப்பித்ததை உங்கள் லேப் ஏற்றியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

11/
சரி, பெயரைக் கண்டுபிடித்தாச்சு. இனி துடைத்துவிட்டால் போச்சு, இல்லையா?

இப்போது லண்டனுக்குப் போவோம். அங்குள்ள ராயல் பிராம்ப்டன் இதய, நுரையீரல் சிறப்பு மருத்துவமனை. 2015 ஏப்ரல் முதல் 2016 ஜூலை வரை 50 நோயாளிகளிடம் ஆரிஸ் வந்தது. ஐரோப்பாவில் ஒரு மருத்துவமனைக்குள் இது பரவியதாகப் பதிவான முதல் சம்பவம் இதுதான். 50 பேரில் 9 பேருக்கு ரத்தத்தில் தொற்று. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோயே இல்லை, தோலில் மட்டும் இருந்தது.

நோயாளிகளைத் தனிமைப்படுத்தினார்கள். உடம்பைக் குளோர்ஹெக்சிடின் போட்டுத் துடைத்தார்கள். அறைகளைக் குளோரினால் கழுவினார்கள், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியும் விட்டார்கள். ஆனாலும் புது நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். கிருமி இருந்த நோயாளியின் பக்கத்திலோ அவர் இருந்த இடத்திலோ நான்கு மணி நேரம் இருந்தாலே தொற்றிவிடலாம் என்று கணக்கிட்டார்கள்.

ஊழியர்கள் தூக்கிக்கொண்டு திரிகிறார்களோ என்று இருநூறுக்கும் மேற்பட்டோரைச் சோதித்ததில், ஒரே ஒருவரிடம்தான் கிடைத்தது.

12/
ஏன் போகவில்லை? இங்கே நிதானமாகப் பார்ப்போம்.

முதல் காரணம் தோல். ஆல்பிகன்ஸுக்குப் பிடித்த வீடு ஈரமான குடலும் வாயும். ஆரிஸுக்குப் பிடித்தது தோல். அதிலும் வியர்க்கும் மடிப்புகளான அக்குளும் தொடை இடுக்கும். வியர்வையைப் போலத் தயாரித்த திரவத்தில் வளர்த்துப் பார்த்தபோது அது அடுக்கடுக்காகப் பிசின் படலம் கட்டியது. நம் தோலில் இருந்து செதில்கள் எப்போதும் உதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தச் செதிலோடு ஈஸ்ட்டும் மெத்தையில், கட்டில் கம்பியில், பிபி பார்க்கும் பட்டையில் கொட்டுகிறது. நீங்கள் கட்டிலைச் சுத்தமாகக் கழுவிய மறுநிமிஷம் நோயாளியே திரும்ப அதில் தூவிவிடுகிறார்.

பிளாஸ்டிக்கில் விழுந்தால் அது சாவதும் இல்லை. காய்ந்த பிளாஸ்டிக்கில் வைத்துச் சோதித்ததில், 14 நாள் கழித்து எடுத்துத் தட்டில் போட்டால் வளர்ந்தது. 28 நாள் கழித்துத் தட்டில் வளரவில்லை. ஆனாலும் செல்லுக்குள் உயிர் இருப்பதற்கான அறிகுறி இருந்தது.

13/
இரண்டாவது காரணம் நாம் துடைக்கும் திரவம்.

மருத்துவமனைகளில் கருவிகளைத் துடைக்கப் பொதுவாகப் பயன்படுத்துவது குவாட்டர்னரி அமோனியம் வகைத் திரவம். வாசனை குறைவு, உலோகத்தை அரிக்காது, திரையைக் கெடுக்காது. பல பாக்டீரியாக்களுக்கு அது போதும். ஆரிஸை அது நம்பகமாகக் கொல்வதில்லை.

குளோரின் கொல்லும். பிரிட்டனில் சொல்லும் அளவு 1000 பிபிஎம். கணக்கு எளிது. 5 சதவீத ஹைப்போகுளோரைட் என்றால் 50,000 பிபிஎம். அதில் 20 மில்லியை 980 மில்லி தண்ணீரில் கலந்தால் ஒரு லிட்டர் 1000 பிபிஎம் கிடைக்கும். இதில் சறுக்கும் இடங்கள் மூன்று. வெயிலில் நாள்பட வைத்திருந்த கேனில் 5 சதவீதம் இருக்காது, வீரியம் இறங்கியிருக்கும். ரத்தமும் சளியும் இருக்கும் இடத்தில் நேரே ஊற்றினால் அந்த அழுக்கே குளோரினைத் தின்றுவிடும், முதலில் சோப்பால் கழுவ வேண்டும். மூன்றாவது நேரம். லேபிளில் மூன்று நிமிஷம் ஈரமாக இருக்கணும் என்று போட்டிருக்கும், நாம் துடைத்த துணியோ அரை நிமிஷத்தில் காய்ந்துவிடும்.

கைக்குக் கவலை வேண்டாம். ஆல்கஹால் ஹேண்ட் ரப் ஆரிஸைக் கொல்லும், தேய்க்க வேண்டியபோது தேய்த்தால்.

14/
மூன்றாவது காரணம் இந்த ஈஸ்ட்டின் ஒட்டும் திறன். 2023ல் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. ஆரிஸின் செல் சுவரில் மட்டும் இருக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்து எஸ்சிஎஃப்1 என்று பெயரிட்டார்கள். மற்ற கேண்டிடாவில் இது இல்லை. பிளாஸ்டிக், தோல் இரண்டிலும் ஒட்டிக்கொள்ள அந்தப் புரதம் உதவுகிறது. அந்த மரபணுவை நீக்கினால் ஒட்டும் வேகம் சரிகிறது.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்க. தோல் மடிப்பில் வாழும், பிளாஸ்டிக்கில் ஒட்டும், வாரக்கணக்கில் காயாது, சாதாரணத் துடைப்புக்குச் சாகாது. இப்படி ஒரு கிருமிக்கு ஐசியூவில் எந்தப் பொருள் ரொம்பப் பிடிக்கும்?

15/
ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்புவோம்.

அங்கேயும் தனிமைப்படுத்தல், பரிசோதனை, சுத்தம் எல்லாம் நடந்தன. பரவல் நிற்கவில்லை. சுவரையும் தரையையும் தேடியது போதும் என்று, வேறு கேள்வியைக் கையில் எடுத்தார்கள். ஆரிஸ் வந்தவர்களுக்கும், அதே ஐசியூவில் இருந்தும் வராதவர்களுக்கும் என்ன வித்தியாசம்? வயது, நோய், ஆபரேஷன், எந்தக் குழாய், எந்த மருந்து, எந்தக் கருவி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள்.

இரண்டு விஷயங்கள் தனித்துத் தெரிந்தன. ஒன்று, ஃப்ளுகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து ஏற்கெனவே வாங்கியிருப்பது. அந்த மருந்து மற்ற ஈஸ்ட்டுகளைக் கொன்று இடத்தைக் காலி செய்கிறது. அதற்கு அடங்காத ஆரிஸ் காலி மனையில் குடியேறுகிறது.

இன்னொன்று, அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர்.

16/
வீட்டில் வைக்கும் கண்ணாடி தெர்மாமீட்டர் இல்லீங்க. மூளையில் அடிபட்டவர்களுக்கு உடல் வெப்பம் ஏறினால் மூளைக்கு இன்னும் கெடுதல். அதனால் தொடர்ந்து அளக்க வேண்டும். வயரின் முனையில் ஒரு சின்ன உணர்கருவி. அதை அக்குள் தோலில் வைத்து, வயரை மானிட்டரில் செருகி விடுவார்கள். ஒருவருக்கு முடிந்ததும் துடைத்து அடுத்தவருக்கு.

அந்தக் கருவி வைத்தவர்களுக்கு ஆரிஸ் வரும் வாய்ப்பு, வைக்காதவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு. கருவிகளை எடுத்துச் சோதித்தார்கள். அறையில் அரிதாகக் கிடைத்த ஈஸ்ட், இந்த முனைகள் பலவற்றில் உட்கார்ந்திருந்தது. மரபணுவைப் படித்தால் நோயாளிகளிடம் இருந்ததும் கருவியில் இருந்ததும் ஒன்று.

யோசிச்சுப் பாருங்க. ஆரிஸுக்குப் பிடித்த அக்குளிலேயே, பிடித்த பிளாஸ்டிக்கை, மணிக்கணக்கில் ஈரத்தோடு வைத்திருந்து, பிறகு அடுத்தவர் அக்குளில் கொண்டுபோய் வைக்கிறோம். எல்லாரும் நல்ல எண்ணத்தில், விதிப்படி செய்த வேலை.

அந்தக் கருவிகளை ஐசியூவில் இருந்து அகற்றினார்கள். அதற்கு அப்புறம்தான் புதிதாகத் தொற்றுபவர்களின் எண்ணிக்கை சரிந்தது.

17/
இதில் ஒரு சமநிலையும் வேண்டும், பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் 70 பேரில் உள்ளுறுப்பு அல்லது ரத்தத் தொற்று வந்தது 7 பேருக்கு. நேரடியாக ஆரிஸால் மரணம் என்று ஒன்றும் சொல்லப்படவில்லை. 54 மாதிரி ஆய்விலோ 59 சதவீத நோயாளிகள் இறந்திருந்தார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? தோலில் இருப்பதும் ரத்தத்தில் இருப்பதும் ஒன்றல்ல. ரத்தத்தில் வந்தவர்கள் ஏற்கெனவே மிக மோசமான நிலையில் இருந்தவர்கள். ஆரிஸோடு இறந்தவர், ஆரிஸால் இறந்தவர் என்று பிரிப்பது பல நேரம் முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட பூஞ்சைகளின் பட்டியலில் இதை மிக அவசரமான பிரிவில் வைத்தது. ஆரோக்கியமாக நடமாடும் உங்களுக்கு இதனால் ஆபத்து மிகக் குறைவு.

18/
என் சக டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஹீமுலோனி என்றோ, எதிர்பாராத ஏதோ ஓர் அபூர்வ கேண்டிடா என்றோ பார்த்தால், ஃப்ளுகோனசோலும் எதிர்க்கிறது என்றால், லேப்புக்கு ஒரு போன் போடுங்க. எந்த முறையில் பெயர் சொன்னீங்க, பட்டியல் எந்த வருஷத்தது, உறுதி செய்ய எங்கே அனுப்பலாம் என்று கேளுங்க. பதில் வரும்வரை ஆரிஸ் என்றே நினைத்து நடத்துங்க. முதல் மருந்து பொதுவாக எக்கினோகேண்டின், எடுக்க முடிந்த குழாயை எடுக்கணும். பக்கத்துக் கட்டில்காரருக்கு அக்குளிலும் தொடை இடுக்கிலும் பரிசோதனை. தோலில் மட்டும் இருந்தால் பூஞ்சை மருந்து வேண்டாம், அது எதிர்ப்பைத்தான் வளர்க்கும்.

பெயர் இப்போது கேண்டிடோசைமா ஆரிஸ் என்றும் வரலாம். 2024ல் இனப்பெயரை மாற்றியிருக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றுதான்.

19/
உங்கள் வீட்டில் ஒருவர் ஐசியூவில் இருந்து, ஆரிஸ் என்று சொன்னால்: அவரைத் தனி அறைக்கு மாற்றுவதும், நர்ஸ் கவுன் போட்டு வருவதும் அவரை ஒதுக்குவதற்காக இல்லை. நீங்களும் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையில் ஹேண்ட் ரப் தேயுங்க. வேறு மருத்துவமனைக்கு மாற்றினால், டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அங்கே முதல் ஆளிடமே சொல்லுங்க. தோலில் இது மாதக்கணக்கில் தங்கலாம். மறைத்தால் பாதிக்கப்படுவது அடுத்த கட்டிலில் இருக்கும் யாரோ ஒருவர்.

20/
ஐசியூவில் வேலை செய்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் ஒரு தாள் எடுத்து, ஒரு நோயாளியின் தோலைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போகும் பொருள்களை வரிசையாக எழுதுங்க. பிபி பட்டை, ஆக்சிஜன் அளக்க விரலில் மாட்டும் கிளிப், ஈசிஜி வயர், ஸ்கேன் புரோப், தெர்மாமீட்டர். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எதால் துடைக்கிறோம், எத்தனை நிமிஷம் ஈரமாக வைக்கிறோம், யார் பொறுப்பு என்று எழுதுங்க. எந்த வரியில் பேனா நிற்கிறதோ, அந்தப் பொருளை முதலில் எடுத்து வைத்துவிட்டு, நோயாளிக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று பாருங்க. ஆக்ஸ்ஃபோர்டில் பரவலை நிறுத்த உதவியது அப்படி எடுத்து வைத்த ஒரு பொருள்தான்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, தெரிந்ததைச் சொல்றேன்.